ஆணையில் ஜூலை, சம்பளத்தில் டிசம்பர்

கேள்வி: ஐயா, நான் அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளர். 1.7.2024 அன்று வர வேண்டிய ஆண்டு ஊதிய உயர்வை, ஒரு மருத்துவ விடுப்பு முறைப்படுத்தப்படவில்லை என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆகஸ்ட் நடுவில் வேறு மாவட்டத்துக்கு மாறுதலாகி வந்துவிட்டேன். ஆகஸ்ட் முழுச் சம்பளமும் இங்கேதான் வாங்கினேன். பழைய அலுவலகம் அக்டோபரில் விடுப்பை முறைப்படுத்தி, 1.7.2024 முதல் 23,300 ரூபாயிலிருந்து 24,000 ரூபாய் என்று ஆணை போட்டது. அந்த ஆணை இங்கே வந்து சேர்ந்தது நவம்பர் கடைசியில். டிசம்பர் சம்பளத்திலிருந்துதான் 24,000 தருகிறார்கள். ஐந்து மாத நிலுவையைக் கேட்டால் “பழைய ஆபீஸ்ல போய்க் கேளுங்க” என்கிறார்கள். அங்கே கேட்டால் “நீங்க இப்ப எங்க ஸ்டாஃப் இல்லையே” என்கிறார்கள். கண்காணிப்பாளர், “அந்த வருஷக் கணக்கே முடிஞ்சுபோச்சு, ஐயாயிரம் ரூபாய்க்கு ஏன் இப்படி அலையறீங்க” என்கிறார். அடுத்த உயர்வு 2025 அக்டோபரில் வந்துவிட்டது, அதில் பிரச்சினை இல்லை. பழைய பணம் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த ஐந்து மாதம் அல்ல. “அடுத்த உயர்வு அக்டோபரில் வந்துவிட்டது, அதில் பிரச்சினை இல்லை” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி. பிரச்சினையே அங்கேதான் இருக்கிறது.

1.7.2024 அன்று உயர்வு பெற்றவருக்கு அடுத்த உயர்வு 1.7.2025 அன்று வர வேண்டும். உங்களுக்கு அக்டோபர் எங்கிருந்து வந்தது? நம் மாநிலத்தில் ஆண்டு ஊதிய உயர்வு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நான்கு காலாண்டுகளின் முதல் தேதியில்தான் வரும். ஒருவருடைய உயர்வு நாள் காலாண்டின் நடுவில் எங்கே விழுந்தாலும் அதை அந்தக் காலாண்டின் முதல் தேதிக்கு முன்தள்ளிக் கொடுப்பார்கள். டிசம்பர் என்றால் அக்டோபர் 1. ஆக, புதிய அலுவலகத்தில் உங்கள் உயர்வை 1.12.2024 முதல் என்று பதிந்துவிட்டார்கள். ஓராண்டு கழித்து 1.12.2025, அதை முன்தள்ளினால் 1.10.2025. பட்டியல் எழுத்தர் விதியைச் சரியாகத்தான் பின்பற்றியிருக்கிறார். தொடங்கிய தேதிதான் தப்பு.

இதன் பொருள் என்ன? ஐந்து மாதச் சம்பள வித்தியாசம் ஒருமுறை போனது. ஆனால் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என்ற மூன்று மாதமும் ஓர் உயர்வு குறைவாகவே வாங்குவது இனி ஆண்டுதோறும் நடக்கும். 2025இல் ஏற்கெனவே நடந்துவிட்டது. யாராவது கவனித்துத் திருத்தும்வரை இது தானாகச் சரியாகாது. நிலுவை வந்துவிட்டால் போதும் என்று நீங்கள் ஐந்து மாதப் பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்திருந்தால் கோப்பு மூடப்பட்டிருக்கும், தேதி அப்படியே இருந்திருக்கும். அதனால் உங்கள் கோரிக்கையில் முதலில் தேதித் திருத்தம் வர வேண்டும், பணம் அதற்குப் பிறகு.

எதையும் எழுதுவதற்கு முன் அக்டோபர் ஆணையின் நகலை எடுத்து நிதானமாகப் படியுங்கள். இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, “கருத்தியலாக” என்றோ, “பணப்பயன் ஆணை நாள் முதல்” என்றோ ஏதாவது சொல் இருக்கிறதா? இருந்தால் கதை வேறு. அப்போது 1.7.2024 என்பது ஊதியத்தை நிர்ணயிக்க மட்டுமே; இடைப்பட்ட மாதங்களுக்குப் பணம் கேட்க முடியாது. முறைப்படுத்திய விடுப்பை வைத்து வழங்கப்படும் சாதாரண ஆண்டு உயர்வில் அப்படிப் போட வேண்டிய அவசியம் இல்லை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் ஆணையிலும் இருக்காது என்றே நினைக்கிறேன். இரண்டாவது, பெரும்பாலான ஊதிய உயர்வு ஆணைகளின் கடைசியில் “அடுத்த ஊதிய உயர்வு நாள்” என்று ஒரு வரி இருக்கும். அதில் 1.7.2025 என்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. உங்கள் வாதத்தை ஆணையே செய்துவிடுகிறது.

“ஆணை கைக்கு வந்த மாதத்திலிருந்துதான் தர முடியும்” என்று உங்கள் அலுவலகம் வாய்மொழியாகச் சொல்லியிருக்கலாம். அதற்கு விதியில் இடமில்லை. ஊதிய உயர்வு என்பது தண்டனையாக நிறுத்தி வைக்கப்படாதவரை இயல்பாகவே பெறத்தக்கது என்பதுதான் அடிப்படை விதி 24. எந்தப் பணிக்காலம் உயர்வுக்குச் சேரும், எது சேராது என்பதை விதி 26 சொல்கிறது. மருத்துவச் சான்றின் பேரில் எடுத்த விடுப்பு சேரும். மருத்துவச் சான்று இல்லாத சம்பளமில்லா விடுப்பு சேராது. அத்தனை நாள் உயர்வு தள்ளிப்போகும். உங்கள் பழைய அலுவலகம் காத்திருந்ததும் இதற்காகத்தான்: அந்த விடுப்பு எந்த வகை என்று தெரியாமல் தேதியைச் சொல்ல முடியாது. தெரிந்ததும் ஜூலை 1 என்று சொல்லிவிட்டார்கள். ஆணை எப்போது எழுதப்பட்டது, தபால் எப்போது வந்தது என்பதெல்லாம் அலுவலக நடைமுறை. ஆணையில் “முதல்” என்று எந்தத் தேதி இருக்கிறதோ அதுதான் உங்கள் உரிமையின் தேதி. புதிய அலுவலகத்துக்கு அதைச் செயல்படுத்தும் கடமை உண்டு, தேதியை மாற்றும் அதிகாரம் கிடையாது.

பிறகு ஏன் இப்படி நடந்தது? பெரும்பாலும் எல்.பி.சி.யால்தான். ஆகஸ்டில் உங்களை விடுவித்தபோது பழைய அலுவலகம் கொடுத்த கடைசி ஊதியச் சான்றில் அடிப்படை ஊதியம் 23,300 என்று இருந்திருக்கும். “1.7.2024 ஊதிய உயர்வு நிலுவையில் உள்ளது” என்று ஒரு குறிப்பு எழுதியிருக்க வேண்டும், எழுதியிருக்க மாட்டார்கள். புதிய இடத்தில் அந்தச் சான்றைப் பார்த்துச் சம்பளம் போட்டார்கள். நவம்பரில் ஆணை வந்ததும் அடுத்த மாதப் பட்டியலில் 24,000 என்று மாற்றினார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கோபத்தோடு மனு எழுதுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கோபமான மனுவுக்குப் பதிலாக விளக்கம்தான் வரும், பட்டியல் வராது.

இனி பந்து யார் பக்கம் என்ற விஷயம். உங்களை இரண்டு பக்கமும் அலையவிடுவதற்குக் காரணம், ஐந்து மாதத்தையும் ஒரே மூட்டையாக வைத்துப் பேசுவதுதான். பிரித்துப் பாருங்கள். ஆகஸ்ட் சம்பளம் முதல் எல்லாமே புதிய அலுவலகத்தில் வாங்கியிருக்கிறீர்கள். அப்படியானால் ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், நவம்பர் ஆகிய நான்கு மாதங்களுக்குப் பழைய அலுவலகத்துக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லை. குறைத்துக் கொடுத்ததும் இவர்கள்தான், கொடுத்த பட்டியலும் இவர்களிடம்தான் இருக்கிறது. “பழைய ஆபீஸ்ல கேளுங்க” என்ற பதில் இந்த நான்கு மாதத்துக்குச் செல்லாது.

மீதி ஜூலை ஒரு மாதம். அதையும் இப்போது பணிபுரியும் இடத்தில்தான் பெற வேண்டும். ஆனால் பழைய இடத்தில் ஏற்கெனவே பெற்றுவிடவில்லை என்று கருவூலத்துக்குத் தெரிய வேண்டும். அதற்குப் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு நான்-டிராயல் சான்று வேண்டும். அவர்களிடம் பணம் கேட்டால் “நீங்க எங்க ஸ்டாஃப் இல்லை” என்பது நியாயமான பதில். சான்று கேட்டால் அந்தப் பதிலைச் சொல்ல முடியாது. ஜூலைச் சம்பளப் பதிவு அவர்களிடம்தானே இருக்கிறது? இதுவரை நீங்கள் அங்கே தவறான பொருளைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள், அவ்வளவுதான்.

அந்தச் சான்றில் ஒரு நுணுக்கம். “பெறப்படவில்லை” என்று மட்டும் எழுதினால் போதாது, “இனியும் பெறப்படமாட்டாது” என்றும் இருக்க வேண்டும். நான் சார்நிலைக் கருவூலத்தில் இருந்தபோது இந்த ஒரு தொடர் இல்லாமல் திருப்பி அனுப்பிய பட்டியல்களுக்குக் கணக்கில்லை. ஒருமுறை ஒரு பெரியவர் மூன்றாவது தடவையாக வந்து நின்று, “ஐயா, ரெண்டு வார்த்தைக்காக நூறு கிலோமீட்டர் பஸ்ல வர்றேன்” என்றார். எனக்கே சங்கடமாக இருந்தது. ஆனால் அந்த இரண்டு வார்த்தை இல்லாமல் பணம் கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் பழைய அலுவலகமும் பட்டியல் போட்டால் தணிக்கையில் மாட்டுவது நாங்கள். அதனால் சான்றை நீங்களே எழுதி எடுத்துப்போங்கள், கையெழுத்தும் முத்திரையும் மட்டும் அவர்கள் வேலையாக இருக்கட்டும். இப்படி எழுதலாம்:

“இளநிலை உதவியாளர் திரு/திருமதி ............ அவர்களுக்கு 1.7.2024 முதல் அனுமதிக்கப்பட்ட ஆண்டு ஊதிய உயர்வுக்கான 1.7.2024 முதல் 31.7.2024 வரையிலான நிலுவைத் தொகை இவ்வலுவலகத்தில் பெறப்படவில்லை எனவும், இனியும் பெறப்படமாட்டாது எனவும், இது குறித்து ஜூலை 2024 ஊதியப் பட்டியலின் அலுவலக நகலில் குறிப்பு எழுதப்பட்டுள்ளது எனவும் சான்றளிக்கப்படுகிறது.”

இதோடு எல்.பி.சி.யில் “31.7.2024 வரை ஊதியம் பெற்றுள்ளார்” என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வரிதான் ஜூலைக்கும் ஆகஸ்டுக்கும் நடுவே கோடு போடுகிறது.

அடுத்து கணக்கு. நிலுவைப் பட்டியலின் உயிர் டியூ-டிரான் ஸ்டேட்மெண்டில் இருக்கிறது. பெற வேண்டியது எவ்வளவு, பெற்றது எவ்வளவு, வித்தியாசம் எவ்வளவு என்று மாதவாரியாக எழுதும் அட்டவணை அது. உங்கள் விஷயத்தில் இதில் ஒரு பொறி இருக்கிறது. அதில்தான் பட்டியல் எழுத்தர்கள் சறுக்குவார்கள். ஜூலை 2024 ஒரு மாதத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

பெற வேண்டியது: அடிப்படை ஊதியம் 24,000. அகவிலைப்படி 1.7.2024 முதல் 53 விழுக்காடு, அதாவது 12,720. கூட்டினால் 36,720. பெற்றது: அடிப்படை ஊதியம் 23,300. அகவிலைப்படி? ஜூலைச் சம்பளம் போட்டபோது 53 என்ற ஆணையே வரவில்லை. அது அக்டோபரில்தான் வந்தது. அதனால் ஜூலையில் 50 விழுக்காடு, 11,650 ரூபாய் வாங்கியிருப்பீர்கள். ஊதியச் சீட்டை மட்டும் பார்த்து எழுதினால் பெற்றது 34,950 என்று வரும், வித்தியாசம் 1,770 ரூபாய். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பிறகு அகவிலைப்படி நிலுவையாக அந்த 3 விழுக்காட்டை, 699 ரூபாயை, தனியாக வாங்கிவிட்டீர்களே! அதையும் “பெற்றது” பக்கம் சேர்க்க வேண்டும். அப்போது பெற்றது 35,649, உண்மையான வித்தியாசம் 1,071 ரூபாய். அதில் 700 ஊதியம், 371 அகவிலைப்படி.

1,770 என்று போன பட்டியல் கருவூலத்தில் ஆட்சேபணையோடு திரும்பும். திரும்பாமல் தப்பித்துவிட்டால் இன்னும் மோசம். சில ஆண்டு கழித்துத் தணிக்கையில் பிடித்து உங்களிடமே பிடித்தம் செய்வார்கள். கணக்கு சரியா என்று சோதிக்க ஒரு குறுக்குவழி இருக்கிறது. அகவிலைப்படி நிலுவை எல்லாம் வாங்கி முடித்த ஒரு மாதத்தில், வித்தியாசம் என்பது உயர்வுத் தொகையும் அதன் மீதான அகவிலைப்படியும் மட்டும்தான். 700க்கு 53 விழுக்காடு 371. அதற்கு மேல் ஒரு ரூபாய் வந்தாலும் எங்கோ எதையோ விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஐந்து மாதத்துக்கும் விகிதம் ஒன்றே என்பதால் 1,071ஐ ஐந்தால் பெருக்கினால் 5,355 ரூபாய். இனி 2025. ஜூலை 1 அன்று உங்கள் ஊதியம் 24,700 ஆகியிருக்க வேண்டும், 24,000மே தொடர்ந்தது. அங்கும் உயர்வு 700தான். அகவிலைப்படி 1.7.2025 முதல் 58 விழுக்காடு, அதற்கு 406. மாதம் 1,106, மூன்று மாதத்துக்கு 3,318 ரூபாய். இங்கும் அதே பொறி உண்டு: அந்த மாதங்களில் முதலில் 55 விழுக்காடும், மீதி 3 விழுக்காடு பிறகு நிலுவையாகவும் வந்திருக்கும். இரண்டையும் சேர்த்தே “பெற்றது” பக்கம் எழுதுங்கள்.

மொத்தம் 8,673 ரூபாய். நீங்கள் பங்களிப்பு ஓய்வூதியத்தில் இருப்பவர் என்றால் ஊதியத்தின் மீதும் அகவிலைப்படியின் மீதும் 10 விழுக்காடு பிடிப்பார்கள், சுமார் 867 ரூபாய். அது உங்கள் கணக்கில்தான் சேரும் என்பதால் வருத்தப்பட வேண்டாம். கைக்கு வருவது 7,800ஐ ஒட்டி இருக்கும். வீட்டு வாடகைப்படியை நான் சேர்க்கவில்லை. அது நம்மிடம் விழுக்காட்டில் இல்லை, ஊதிய வரம்புக்கும் ஊருக்கும் ஏற்ற நிலையான தொகை. உங்கள் ஊதியம் உயர்ந்தபோது அடுத்த வரம்புக்குள் போயிருந்தால் மட்டும் மாறும். 2024 நவம்பர், டிசம்பர் ஊதியச் சீட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மாறியிருந்தால் அதையும் அட்டவணையில் ஒரு பத்தியாகச் சேருங்கள். பொங்கல் போனஸுக்கு உச்சவரம்பு 3,000 என்பதால் அங்கே எந்த வித்தியாசமும் கிடையாது.

கண்காணிப்பாளர் சொன்ன “வருஷக் கணக்கு முடிஞ்சுபோச்சு” என்பது கேட்பதற்குப் பெரிய காரணம் போல இருக்கும். ஆனால் முடிந்தது அந்த ஆண்டின் ஒதுக்கீடு, உங்கள் உரிமை அல்ல. முந்தைய ஆண்டுச் சம்பள நிலுவையை எந்த ஆண்டில் கொடுக்கிறார்களோ அந்த ஆண்டின் ஊதியத் தலைப்பில் செலவு எழுதுவார்கள். ஓய்வு பெறப்போகிறவர்களுக்குப் பத்தாண்டுக்கு முந்தைய உயர்வைத் திருத்தி நிலுவை கொடுப்பதெல்லாம் இதே வழியில்தான். அவரிடம் வாக்குவாதம் செய்ய வேண்டாம். மனு கொடுங்கள், மறுப்பதாக இருந்தால் எழுத்தில் மறுக்கட்டும். எழுத்தில் வரும்போது இந்தக் காரணம் காணாமல் போய்விடும் என்பது என் அனுபவம்.

மனுவுக்கு முன்னால் உங்கள் எஸ்.ஆர்.ஐப் பார்க்கக் கேளுங்கள். பணிப்பதிவேட்டில் அந்த உயர்வு எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதைப் பொறுத்து மனுவின் வடிவம் மாறும். பதிவேட்டில் 1.7.2024 என்று சரியாக இருந்து, ஐ.எப்.எச்.ஆர்.எம்.எஸ். பதிவில் மட்டும் டிசம்பர் என்று இருந்தால், கணினியில் திருத்தினால் போதும். பதிவேட்டிலேயே 1.12.2024 என்று எழுதியிருந்தால் அதை அடித்துத் திருத்தி, சம்பளம் பெற்று வழங்கும் அலுவலர் கையொப்பமிட வேண்டும். மேலெழுதிவிட்டால் பின்னால் ஓய்வூதியக் கோப்பில் கேள்வி வரும். காட்ட மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு, உங்கள் பணிப்பதிவேட்டின் ஊதிய உயர்வுப் பக்கங்கள், அக்டோபர் ஆணையின் நகல், அது புதிய அலுவலகத் தபால் பிரிவில் பதிவான நாள், அதன் மீது எடுத்த நடவடிக்கைக் குறிப்பு என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். “ஏன் தரவில்லை” என்று கேட்காதீர்கள். ஆவணத்தைக் கேட்டால் ஆவணம் வரும். காரணத்தைக் கேட்டால் “அப்படித் தகவல் ஏதுமில்லை” என்றுதான் வரும்.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். விடுப்பு எடுத்த கதை, உடம்பு சரியில்லாத கதை எதுவும் அதில் தேவையில்லை. அதெல்லாம் அக்டோபர் ஆணையோடு தீர்ந்துவிட்டது. சாரம் இப்படி இருக்கட்டும்:

“பார்வையில் காணும் செயல்முறை ஆணையில் எனக்கு 1.7.2024 முதல் ஊதிய உயர்வு அனுமதிக்கப்பட்டு ஊதியம் ரூ.24,000 என நிர்ணயிக்கப்பட்டுள்ளது. இவ்வலுவலகத்தில் அது 1.12.2024 முதல் செயல்படுத்தப்பட்டுள்ளது. இதன் விளைவாக அடுத்த ஊதிய உயர்வும் 1.7.2025க்குப் பதிலாக 1.10.2025 முதல் வழங்கப்பட்டுள்ளது. எனவே, (1) ஊதிய உயர்வு நாளை 1.7.2024 எனப் பணிப்பதிவேட்டிலும் கணினிப் பதிவிலும் திருத்தவும், (2) 2025ஆம் ஆண்டு ஊதிய உயர்வு ஆணையை 1.7.2025 முதல் எனத் திருத்தி வழங்கவும், (3) இணைப்பில் உள்ள விவரப்படி நிலுவைத் தொகையைப் பெற்று வழங்கவும் கேட்டுக்கொள்கிறேன்.”

இந்த வரிசையை மாற்ற வேண்டாம். 2025 ஆணை திருத்தப்படாமல் அந்த மூன்று மாத நிலுவையைக் கருவூலம் ஏற்காது. அவர்கள் முன்னால் இருக்கும் ஆணை 1.10.2025 என்றுதானே சொல்கிறது? இணைப்பாக அக்டோபர் ஆணை, எல்.பி.சி., நான்-டிராயல் சான்று, டியூ-டிரான் அட்டவணை, தொடர்புடைய ஊதியச் சீட்டுகள். தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். கண்காணிப்பாளர் மேசையில் வைத்துவிட்டு வந்த மனு மனுவே இல்லை.

இரண்டு மாதம் பார்க்கலாம். அசைவில்லை என்றால் உங்கள் துறையின் மேலதிகாரிக்கு உரிய வழியில் ஒரு மேல்முறையீடு, முன் நகலோடு. முதலமைச்சர் தனிப்பிரிவுக்கு அனுப்பலாமா என்று அடுத்து கேட்பீர்கள். பணி சார்ந்த குறைக்கு அலுவலகத்தைத் தாண்டி மனு போடுவது நடத்தை விதிகளில் தேவையில்லாத சிக்கலை இழுத்துவிடும். அதனால் தவிர்த்துவிடுங்கள்.

நீதிமன்றம் என்பது உங்கள் விஷயத்தில் அவசியம் வராது என்றே நினைக்கிறேன். 8,673 ரூபாய்க்கு மட்டும் மதுரைக் கிளைக்குப் போகச் சொல்லவும் மாட்டேன். ஆனால் தேதியைத் திருத்த எழுத்தில் மறுத்துவிட்டால் நிலைமை வேறு, அது பணிக்காலம் முழுக்கத் தொடரும் இழப்பு. அப்போது காலவரம்பு ஒன்றைத் தெரிந்துவைத்திருங்கள். தவறான ஊதிய நிர்ணயம் மாதந்தோறும் புதிதாக நிகழும் தவறு, அதனால் திருத்தத்தை எப்போதும் கேட்கலாம் என்பது எம்.ஆர். குப்தா வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் நிலுவைப் பணம் அப்படி அல்ல. தர்செம் சிங் வழக்கின் 2008 தீர்ப்புப்படி, வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்றாண்டு நிலுவைதான் பொதுவாகக் கிடைக்கும். உங்கள் ஜூலை 2024 சம்பளத்துக்கு அந்த மூன்றாண்டு 2027 ஜூலையோடு முடிகிறது, பிறகு மாதத்துக்கு ஒரு மாதமாகக் கழன்றுகொண்டே போகும். மனுவுக்கு மேல் மனு போட்டுக்கொண்டிருந்தால் காலம் நிற்காது. காலம் கடந்த கோரிக்கைக்கு அலுவலகம் பதில் எழுதிவிட்டாலே அது உயிர்பெற்றுவிடாது என்று அதே 2008இல் சி. ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே 2026 முடிவதற்குள் எழுத்தில் ஒரு முடிவு உங்கள் கையில் இருக்கும்படி நகர்த்துங்கள்.

பணம் வங்கியில் விழுந்ததும் இரண்டு வேலை பாக்கி இருக்கிறது. பணிப்பதிவேட்டில் நிலுவை பெற்ற பட்டியலின் எண்ணும் தேதியும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, ஜூலை உயர்வு வரும் ஆண்டில் ஜூன் மாதமே பட்டியல் எழுத்தரிடம் போய், “அண்ணே, என் அடுத்த உயர்வு தேதி கணினியில என்னன்னு காட்டுது?” என்று கேளுங்கள். திரையில் அக்டோபர் என்று இருந்தால், அன்றே திருத்தச் சொல்லுங்கள். அப்போது நிலுவை என்ற பேச்சே வராது.